கோர்வை போடும் இடத்தை எழுது

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அகமதாபாத் படிப்புக்காக நீ எழுதிய கட்டுரையைத் தமிழிலும் அனுப்பியிருந்தாய். அப்பாவுக்கு நான் படித்துக் காட்டினேன். அவர் கேட்டுவிட்டு "நல்லா இருக்கு" என்று தறிக்குப் போய்விட்டார். எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும் என்பதால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதல் பக்கத்தில் கோயில் கோபுரம், யாளி, அன்னம், மயில்சக்கரம் என்று வரிசையாகப் போட்டிருக்கிறாய். காஞ்சிபுரம் பட்டைப் பற்றி எழுதுகிற எல்லோரும் அதைத்தான் எழுதுவார்கள். அதைக் கடையில் நின்று பார்த்தே எழுதிவிடலாம். நீயோ பிள்ளையார்பாளையத்தில் தறி ஓடும் வீட்டில் வளர்ந்தவள். பள்ளிக்கூடம் விட்டு வந்து தறிக்கு நூலைத் தாராகச் சுற்றிக்கொடுத்தவள். தார் சுற்றிக்கொண்டே எங்கள் கையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாய். அப்படிப் பார்த்தது கட்டுரையில் ஒரே வரியாக வருகிறது: "என் அப்பா கோர்வை நெய்வார்." அந்த வரியைத்தான் நீ விரிக்க வேண்டும். அதில் நானும் இருக்க வேண்டும். எனக்குப் பெயர் வேண்டும் என்பதற்காகச் சொல்லவில்லை. இரண்டு கரையும் உடலிலிருந்து வேறு நிறமாக உள்ள கோர்வைச் சேலையை எங்கள் தறியில் தனி ஆளாக நெய்ய முடியாது. நீ வரைந்து அனுப்பிய டிசைன் முழுக்க அதைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

படிக்கிறவர்களுக்குத் தறி தெரியாது என்று வைத்துக்கொண்டு எழுது. உடல் பச்சை, கரை அரக்கு என்று ஒரு சேலை. நீளவாக்கில் ஓடும் பாவிலேயே நடுவில் பச்சை இழையும் இரண்டு ஓரத்தில் அரக்கு இழையும் ஓட்டிவிடலாம். அதில் கஷ்டம் இல்லை. கஷ்டம் குறுக்கே ஓடும் ஊடையில்தான். ஊடையைக் கொண்டுபோவது நாடா. ஒரே நாடாவில் பச்சை ஊடையை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை அடித்தால், கரையில் அரக்குப் பாவின் மேல் பச்சை ஊடை ஏறும். கரை கலங்கிப்போகும். கரை சுத்த அரக்காக நிற்க வேண்டுமானால் உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் இரண்டு நாடா என்று மூன்று ஓட வேண்டும். உடல் ஊடை கரை எல்லையில் வந்து நிற்கும், கரை ஊடை அந்தப் பக்கத்திலிருந்து வந்து அதோடு கொக்கி போல மாட்டிக்கொண்டு திரும்பும். அதுதான் கோர்வை. அப்பா மிதியை மிதித்து உடல் நாடாவை என் பக்கம் தள்ளுவார். நான் வலது கரையில் அதை வாங்கி, என் கரை நாடாவோடு கோத்துத் திருப்பி அனுப்புவேன். இடது கரையை அவரே பார்த்துக்கொள்வார்.

இதில் கெட்டுப்போவதும் இந்த இடத்தில்தான். நான் ஊடையைக் கொஞ்சம் இறுக்கினால் எல்லையில் துணி சுருங்கிக் கரை மடியும். தளர விட்டால் உள்பக்கத்தில் சின்னச் சின்ன வளையமாக நூல் தொங்கும், உடுத்தும்போது மெட்டி மாட்டி இழுக்கும். கோக்காமல் விட்டுப்போனால் சேலையை வெளிச்சத்தில் பிடித்ததும் எல்லையோரம் ஊசித் துளை தெரியும். நல்ல கோர்வையில் உள்பக்கம் விரலை ஓட்டினால் மெல்லிய ஒரு தடிப்பு கடைசிவரை ஒரே மாதிரி தட்டுப்படும். நீ சின்ன வயதில், தறியிலிருந்து அறுத்தெடுத்த சேலையையெல்லாம் திருப்பிப் போட்டு விரலால் தடவிக்கொண்டிருப்பாய். அதை எழுது.

அப்புறம் உன் படம். மாம்பழ மஞ்சள் உடல், நீலக் கரை, எல்லை நேராக இல்லாமல் அலையாக வளைந்து போகிறது. பொங்கலுக்கு வந்தபோது தறியில் ஓடிய பாவைப் பார்த்துத்தான் அந்த நிறத்தை எடுத்தாய் என்று தெரிகிறது. படம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் இதை எப்படி நெய்வது என்று நீ ஒரு வரிகூட எழுதவில்லை. பென்சில் எங்கே வேண்டுமானாலும் வளையும். எங்கள் கைக்குக் கணக்கு வேண்டும்.

கோபுரக் கரையை எப்படிப் போடுகிறோம் என்று நினைத்துப் பார். உடல் நாடா போய்த் திரும்பினால் ஒரு சுற்று, அதாவது இரண்டு ஊடை. சுற்றுக்கு ஒரு தடவை எல்லையில் கோக்கிறோம். ஒவ்வொரு சுற்றிலும் கரை ஊடையை உடலுக்குள் நாலு இழை கூடுதலாக விடுவோம். பத்துச் சுற்று ஏறி, பத்துச் சுற்று அதே கணக்கில் இறங்கினால் முக்கோணமாக ஒரு பல் முடிந்தது. அங்குலத்துக்குப் பாவில் 120 இழை, குறுக்கே 60 ஊடை என்று வைத்தால், பல் 40 இழை உள்ளே போகும், அதாவது அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு. அடிப்பக்கம் 40 ஊடை, அங்குலத்தில் மூன்றில் இரண்டு பங்கு. நாலு இழை என்றாலும் நாலையும் எண்ணுவதில்லை. மிதித்ததும் பாதி இழை மேலே எழும்பும், பாதி கீழே இருக்கும். மேலே எழும்பினதில் இரண்டைத் தள்ளி நாடாவை எடுத்தால் போதும். இதனால்தான் ஏறுவதும் இறங்குவதும் எப்போதும் இரட்டைப்படையில் வரும்.

பல்லுக்குக் கணக்கு மாறாது, எப்போதும் இரண்டு, இரண்டு. வாய் பேசிக்கொண்டே போடலாம். உன் அலைக்கு ஒவ்வொரு சுற்றிலும் கணக்கு மாறும். நீ வரைந்ததை நான் கட்டத்தாளில் எண்ணிப் பார்த்தேன். ஒரு இடத்தில் ஐந்து, அடுத்ததில் மூன்று, அப்புறம் ஏழு என்று வருகிறது. அப்பா அந்தப் பக்கம் ஒரு எண்ணைப் போட்டு நான் இந்தப் பக்கம் வேறு எண்ணைப் போட்டால் இரண்டு கரையும் ஒத்துவராது. சேலையை நீளவாக்கில் மடித்துக் கரைமேல் கரை வைத்தால் அலைமேல் அலை உட்காராது. அப்போதுதான் தப்பு தெரியும். அவிழ்க்கப் போனால் பட்டு பிசிறிவிடும்.

அதனால் உன் அலையைக் கொஞ்சம் மாற்றினேன். முதல் மூன்று சுற்று இரண்டிரண்டு இழை, அடுத்த மூன்று நாலு நாலு, நடு மூன்று எட்டெட்டு, மறுபடி மூன்று சுற்று நாலு நாலு, கடைசி மூன்று சுற்று இரண்டிரண்டு. மொத்தம் பதினைந்து சுற்றில் 60 இழை ஏறியிருக்கும். அரை அங்குலம் உள்ளே, அரை அங்குலம் மேலே. இதே கணக்கில் இறங்கினால் ஓர் அங்குலத்துக்கு ஓர் அலை. மேலே எழும்பிய இழையை மட்டும் எண்ணினால் ஒன்று, இரண்டு, நான்கு, இரண்டு, ஒன்று. இதை இரண்டு பேரும் சேர்ந்து வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போடலாம். நடுவில் எட்டு இழை தாண்டும் இடம் பக்கத்தில் பார்த்தால் படிக்கட்டு மாதிரி தெரியும், இரண்டடி தள்ளி நின்றால் வளைவுதான். இதைக் கட்டத்தாளில் நீயே போட்டுப் பார்த்துக் கட்டுரையோடு வை. படிக்கிற எவருக்கும் நீ தறியைப் பார்த்தவள் என்று அந்த ஒரு தாள் சொல்லிவிடும்.

இன்னொன்று, நிறம். நீ அலையை முழு நீலத்தில் தீட்டியிருக்கிறாய். அது அப்படி வராது. அலை இருக்கும் இடத்தில் பாவு உடல் பாவுதானே, மஞ்சள்? அதன்மேல் ஓடுவது நீல ஊடை. இரண்டும் சேர்ந்து பச்சையடிக்கும். துணியைச் சாய்த்தால் ஒருமுறை நீலமும் ஒருமுறை மஞ்சளும் தூக்கலாகத் தெரியும். இதைக் குறையாக நினைக்காதே. மஞ்சள் உடல், நீலக் கரை, நடுவில் யாரும் சாயம் போடாத ஒரு பச்சை அலை. உன் டிசைனில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் இதுதான், நீதான் இன்னும் அதைப் பார்க்கவில்லை. அரக்கும் பச்சையும் போட்டிருந்தால் அந்த இடம் மண் நிறமாகப் போயிருக்கும். எந்த இரண்டு நிறம் சேர்ந்தால் மூன்றாவது நன்றாக வரும் என்று தேடுவதையே உன் படிப்பு வேலையாக எழுதலாம். பத்து ஜோடி நிறத்தில் கையகலத் துண்டு நெய்து வைத்தால் அது ஒரு பாடமே.

முந்தி சேர்க்கும் பேட்னியைப் பற்றி நீ எழுதிய பத்தி சரியாக இருக்கிறது. உடல் பாவின் ஒவ்வோர் இழையையும் முந்திப் பாவின் இழையோடு முறுக்கி இணைப்பதை நன்றாகச் சொல்லியிருக்கிறாய். அதில் கை வைக்காதே.

கடைசியில் "அழிந்துவரும் கலையைக் காப்பாற்றுவேன்" என்று எழுதியிருக்கிறாயே, அது வேண்டாம். ஏன் குறைகிறது என்று எழுது. உனக்கே தெரியும், நம் தெருவிலேயே எத்தனை வீட்டில் கோர்வையை விட்டுவிட்டுக் கரையும் உடலும் ஒரே நிறமாக நெய்கிறார்கள். கூலி சேலைக்குத்தான், ஆளுக்கு இல்லை. வலது பக்கம் உட்காரும் ஆளுக்கு நெய்கிறவர்தான் தன் கூலியிலிருந்து கொடுக்க வேண்டும். வீட்டு ஆள் உட்கார்ந்தால் அதுவும் கிடையாது. பெண்கள் வேறு வேலைக்குப் போக ஆரம்பித்ததும் அந்த இடம் காலியாகிவிட்டது. அவர்கள் போனதை நான் தப்பாகச் சொல்ல மாட்டேன். எனக்கும் முட்டி வலிக்கிறது.

அப்படியானால் உன் அலையை ஒரு பக்கக் கரைக்கு மட்டும் போட்டால் என்ன? உடுத்தும்போது கீழே தெரியும் கரை மட்டும் நீலம், மேல்கரை உடல் நிறத்திலேயே இருக்கட்டும். இரண்டு நாடா போதும். கோர்வை இடது பக்கம் வரும்படி பாவு போட்டால் அப்பா தனியாகவே கோத்துக்கொள்வார். இரண்டு பக்கம் ஒத்துவர வேண்டும் என்ற கவலையும் இல்லை, அதனால் உன் அலை இன்னும் தாராளமாக வளையலாம். கோர்வை இருக்கும், கூலியும் ஒருவருக்கே போகும். இரண்டு கரைச் சேலையின் எடுப்பு இதற்கு வராது, அதையும் மறைக்காமல் எழுது. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து, எதில் எத்தனை கை வேண்டும் என்று எழுதிவிடு.

தறியில் இருக்கும் மஞ்சள் பாவில் கடைசிச் சேலை ஓடுகிறது. அதை அறுத்த பிறகு ஒரு முழம் மிஞ்சும். உன் அலையை அதில் நெய்து அனுப்பலாம் என்று அப்பா சொல்கிறார். கரைக்கு இருக்கும் நீலமே போதுமா, இன்னும் வெளிர் நீலத்தில் ஒரு தார் போட்டுப் பார்க்கட்டுமா என்று சனிக்கிழமைக்குள் சொல். நூல் வாங்கச் சந்தைக்குப் போகும்போது எடுத்துக்கொண்டு வந்துவிடுவேன்.

அன்புடன்,
அம்மா