டைட்டிலுக்கு முன்னாடி அந்த நாலு நிமிஷம்

மாப்ள செந்தில்,

மெயில் கெடச்சுச்சு, ஸ்கிரிப்ட்டும் படிச்சுட்டேன். லேட்டானதுக்கு காரணம் வேற ஒண்ணுமில்ல, இங்க வீடு மாத்துனோம், பழைய வீட்டு ஓனர் அட்வான்ஸ திருப்பித் தர்றதுக்குள்ள மனுஷன் நாக்கு தள்ளிப்போச்சு. பாப்பா யுகேஜி போறா, அம்மா முட்டி வலி இப்ப பரவால்ல. உன் வீட்ல எல்லாரும் சௌக்கியமா, தங்கச்சிக்கு வரன் பாக்குறதா சொன்னியே அது என்னாச்சு?

சரி விஷயத்துக்கு வர்றேன். எதுக்குடா இந்த வெளிநாட்டு சீரிஸ்லாம் டைட்டில் போடாமலே கதைய ஆரம்பிச்சுட்றாங்க, நானும் அப்படித்தான் எழுதியிருக்கேன் ஆனா ஏன்னு எனக்கே தெரியலன்னு கேட்டிருந்த. இதுக்குப் பேரு கோல்ட் ஓப்பன், டிராமா எழுதுறவங்க டீஸர்னும் சொல்லுவாங்க, ஸ்கிரிப்ட்ல முதல் பக்கத்துலயே அப்படித் தலைப்பு போட்டுத்தான் எழுதுவாங்க. இது வந்ததுக்குக் காரணம் ரிமோட்தான்னு நெறைய பேர் சொல்லுவாங்க, ஆனா அமெரிக்காவுல 1966ல வந்த ஸ்டார் ட்ரெக் சீரிஸ்லயே இது இருக்கு, அப்ப பெரும்பாலான வீட்ல எந்திரிச்சுப் போய் குமிழைத் திருகித்தான் சேனல் மாத்தணும். அடிப்படை ஒண்ணுதான், ஒரு நிகழ்ச்சி முடிஞ்சு அடுத்தது ஆரம்பிக்கிற எடத்துலதான் ஆள் நழுவுவான், அங்க பாட்டு போட்டு பேர் ஓடவிட்டா அவனுக்கு வசதியாப் போயிடும். அதனால முதல்ல அவனை உள்ள இழுத்துட்டு அப்புறம் டைட்டில், அதுக்கப்புறம் விளம்பரம் வந்தாலும் உக்காந்திருப்பான்.

ஆனா வெறும் ஆள் புடிக்கிற வேலை மட்டும்னா உன் ஸ்கிரிப்ட்டே போதும், உன்னுதுலயும் முதல் சீன்ல ஒருத்தன் ரத்தத்தோட ஓடுறான், நல்லாத்தான் ஓடுறான். அப்புறம் என்ன குறையுதுன்னு சொல்றதுக்கு பிரேக்கிங் பேட்ங்குற அமெரிக்க சீரிஸோட முதல் எபிசோடை (2008) எடுத்துக்குறேன், நீ பாத்திருக்க, ஆனா இன்னொரு தடவ அந்த ஆரம்பத்த மட்டும் போட்டுப் பாரு.

பாலைவனம், வானம், ஒரு காக்கி பேண்ட் காத்துல பறந்து வந்து ரோட்டுல விழுது. அது மேல ஏறிப் போகுது ஒரு பழைய கேரவன் வண்டி, ஓட்டுறவன் ஜட்டியோட, மூஞ்சில கேஸ் மாஸ்க். பக்கத்து சீட்ல ஒருத்தன் மாஸ்க்கோட மயங்கிக் கெடக்குறான், பின்னாடி ரெண்டு உடம்பு தரையில அப்படியும் இப்படியும் சறுக்குது. வண்டி பள்ளத்துல எறங்கி நின்னுடுது, இவன் வெளிய வந்து சட்டைய மட்டும் மாட்டிக்கிட்டு (பேண்ட் தான் பறந்துடுச்சே), கேமராவைப் பாத்து பேரு அட்ரஸ் சொல்லி குடும்பத்துக்கு ஒரு மெசேஜ் பதிவு பண்றான். சைரன் சத்தம் கிட்ட வருது. துப்பாக்கிய நீட்டிக்கிட்டு நடு ரோட்டுல நிக்குறான். டைட்டில். இவ்ளோதான், ஏறக்குறைய நாலு நிமிஷம்.

இதுல கவனி, கேள்வி நெறைய இருக்குற மாதிரி தோணும், ஆனா அந்த வீடியோ மெசேஜ் எல்லாத்தையும் ஒண்ணாக்கிடுது. இவன் ரவுடி இல்ல, பொண்டாட்டி புள்ளைய நெனச்சு அழுவுற ஆளு, அப்ப இப்படி ஒருத்தன் எப்படிடா இங்க வந்து நின்னான்? அந்த ஒரு கேள்விதான். டைட்டில் முடிஞ்சதும் மூணு வாரத்துக்கு முன்னாடின்னு போட்டு எங்க கூட்டிட்டுப் போறாங்க பாரு, அதே ஆளு விடிகாலைல தூக்கம் வராம எக்ஸர்சைஸ் பண்றான், காலை டிபன் சாப்பிடுறான், கவனிக்காத பசங்களுக்கு கெமிஸ்ட்ரி நடத்துறான், சாயங்காலம் கார் வாஷ்ல போய் தன் ஸ்டூடண்ட் காருக்கே டயர் தொடைக்குறான். இத முதல் சீனா வெச்சிருந்தா சேனல் மாத்திட்டுப் போயிருப்போம், இப்ப ஒரு நிமிஷம் விடாம பாக்குறோம், ஏன்னா அந்த ஜட்டி ஆளு இவன்தான்னு நமக்குத் தெரியும் அவனுக்குத் தெரியாது. டீஸர் நம்மகிட்ட பொறுமைய கடனா வாங்குது, அந்தக் கடன்லதான் முதல் அரை மணி நேரமே ஓடுது.

டைட்டில் நடுவுல வர்றதுக்கு என் கணக்குல இதுவும் ஒரு காரணம். துப்பாக்கி நீட்டுன ஷாட்டுல இருந்து நேரா டிபன் டேபிளுக்கு கட் பண்ணிப் பாரு, ஏமாத்துன மாதிரி இருக்கும். நடுவுல டைட்டில் ஓடுனா நாமளே மனசுக்குள்ள ஒரு இடைவெளி விட்டுக்குறோம், அதுக்கப்புறம் காலம் எடம் எது மாறுனாலும் ஒத்துக்குவோம். எடிட்டிங் டேபிள்ல உக்காந்து நான் பொழப்பு நடத்துறதால சொல்றேன், அவ்ளோ பெரிய தாவலை வேற எதை வெச்சும் அவ்ளோ சுலபமா மறைக்க முடியாது.

அப்புறம் கடனை அடைச்ச விதம். எபிசோட் கடைசில கதை சுத்தி அதே ரோட்டுக்கு வருது, ஆனா பாத்ததையே திரும்பக் காட்டிட்டு விடல. சைரன் போலீஸ் இல்லடா, ஃபயர் எஞ்சின், ஒருத்தன் தூக்கிப் போட்ட சிகரெட்ல புதர் பத்திக்கிச்சு, அத அணைக்கப் போறாங்க, இவனைத் திரும்பிக்கூடப் பாக்கல. முதல்ல நாம நெனச்ச அர்த்தமே தப்புன்னு ஆகுது பாரு, அதுதான் வட்டி.

உன் ஸ்கிரிப்ட்ல இதுதான்டா இல்ல. ரத்தத்தோட ஓடுறவன் யாருன்னே தெரியாது, மூஞ்சிய வேற இருட்டுல வெச்சிருக்க, ஆறு மாசத்துக்கு முன்னாடின்னு போட்டதும் வர்ற காலேஜ் பையனோட அவன ஒட்டிப் பாக்க வழியே இல்ல. நாப்பதாவது பக்கத்துல அதே ஓட்டம் வார்த்தைக்கு வார்த்தை திரும்ப வருது, புதுசா ஒண்ணும் தெரியல. இதுக்கு ஒரு சோதனை இருக்கு, டீஸரைக் கிழிச்சுப் போட்டுட்டு காலேஜ் சீன்ல இருந்து படி, அந்த சீன்களோட அர்த்தம் கொஞ்சம்கூட மாறலன்னா டீஸர் சும்மா ஒட்டவெச்சது.

எல்லாரும் இப்படி முன்னாடி தாவித்தான் எழுதணும்னும் இல்ல. தி ஆபிஸ்ங்குற அமெரிக்க காமெடி சீரிஸ்ல கெவின்ங்குற ஆளு பெரிய பானை நெறைய சில்லின்னு ஒரு கறிக் குழம்பு செஞ்சு ஆபிஸ்க்கு தூக்கிட்டு வர்றான்ல, கார்பெட்ல மொத்தமும் கொட்டிடும், கையில கெடச்ச பேப்பர வெச்சு வழிச்சு அள்ளப் பாப்பான், அதுக்கும் அந்த எபிசோட் கதைக்கும் சம்பந்தமே இல்ல. காமெடில கேள்வி தேவையில்ல, ஒரு ஜோக் ஆரம்பிச்சு முடிஞ்சு சிரிச்சுக்கிட்டு இருக்கும்போதே மியூசிக் வந்துடணும், அவ்ளோதான். அதே சீரிஸ்ல 2009ல சூப்பர் பௌல்ங்குற அமெரிக்க ஃபுட்பால் ஃபைனல் மேட்ச் முடிஞ்ச கையோட ஒளிபரப்பான எபிசோட்ல மட்டும் ட்வைட்ங்குற ஆளு ஃபயர் டிரில்னு ஆபிஸையே புகையால நெறச்சு, கதவைப் பூட்டி, பூனை வரைக்கும் சீலிங்ல பறக்குது. சீரிஸையே பாக்காதவனும் மேட்ச் பாத்துட்டு டிவிய அணைக்காம இருக்குற நேரம், யாரு என்னன்னு தெரியாமலே சிரிக்கணும்ல. அதுலயும் கூட வேலை பாக்குற ஸ்டான்லிக்கு நெஞ்சு வலி வர, அதுதான் எபிசோட் கதையாவும் ஆகுது.

உனக்கு என் யோசனை, ஓட்டத்த ரெண்டு பக்கத்துக்கு சுருக்கு, மூஞ்சிய வெளிச்சத்துல காட்டு, காலேஜ் ஐடி கார்டு கழுத்துல இருக்கட்டும். அந்த ரத்தம் அவனோடது இல்லன்னு நாப்பதாவது பக்கத்துல சொல்ல முடியுமா பாரு, உன் கதைக்கு அது ஒத்துவரும்னு நெனக்கிறேன், வராதுன்னா திட்டி மெயில் போடு.

அடுத்த டிராஃப்ட்ட பிடிஎஃப்பா அனுப்பு, நீ அனுப்புன ஃபாண்ட் என் போன்ல கட்டம் கட்டமா வந்துச்சு, பாதிய ஆபிஸ் கம்ப்யூட்டர்லதான் படிச்சேன்.

அன்புடன்,
ரவி