சோடியம் எலக்ட்ரானைச் சும்மா கொடுப்பதில்லை: வடசென்னை வேதியியல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

வடசென்னைப் பள்ளிகளில் பதினொன்றாம் வகுப்புக்கு வேதியியல் எடுக்கும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். தண்டையார்பேட்டையில் சாயங்காலம் ப்ளஸ் ஒன் பிள்ளைகளுக்கு ட்யூஷன் எடுக்கிறேன். பல பள்ளிகளிலிருந்து வருகிறார்கள். சோடியம் ஏன் எலக்ட்ரானை இழக்கிறது என்று கேட்டால், எல்லா நோட்டிலும் ஒரே பதில்: ‘எண்ம நிலையை அடைவதற்காக.’ பக்கத்திலேயே முழு மதிப்பெண்ணும் இருக்கிறது. அந்த மதிப்பெண்ணைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

சோடியத்துக்கு எந்த ஆசையும் கிடையாது. வாயு நிலையில் தனியாக இருக்கும் சோடியம் அணுக்களிலிருந்து ஆளுக்கு ஒரு எலக்ட்ரானைப் பிடுங்க, ஒரு மோலுக்கு 496 கிலோஜூல் செலவாகிறது. இதுதான் முதல் அயனியாக்கும் ஆற்றல். சரி, அந்த எலக்ட்ரானைக் குளோரினிடம் கொடுத்தால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும்? 349 தான். ஆக, 147 கிலோஜூல் நஷ்டம். எட்டு எலக்ட்ரான் இருவருக்கும் கிடைத்துவிட்டது, ஆனால் கணக்கு இன்னும் கடனில் நிற்கிறது. பாடப்புத்தகப் பதில் உடைவது இந்த இடத்தில்தான்.

காசிமேட்டுப் பிள்ளைகளுக்கு இதை ஏலக் கணக்காகச் சொன்னால் உடனே பிடிபடுகிறது. விடியற்காலையில் கூடையை ஏலம் எடுக்கும்போது காசு கையை விட்டுப் போகும், லாபம் வருவது மீன் விற்ற பிறகு. இங்கே விற்பனை என்பது படிகம். நேர்மின் அயனியும் எதிர்மின் அயனியும் நெருங்கி உப்புப் படிகமாக அடுக்கப்படும்போது 787 கிலோஜூல் வெளியேறுகிறது. சோடியம் உலோகத்தை வாயுவாக்க 107, அரை மோல் குளோரின் மூலக்கூறைப் பிரிக்க 121 என்ற சில்லறைச் செலவுகளையும் சேர்த்துப் பாருங்கள். மொத்தச் செலவு 724, வரவு 1136. மிச்சம் ஏறக்குறைய 412. சோடியம் எலக்ட்ரானை இழப்பதற்கான காரணம் இந்த மிச்சம்தான்.

அப்படியானால் இரண்டாவது எலக்ட்ரானையும் கொடுத்து NaCl₂ ஆகலாமே? நல்ல மாணவர் கேட்கிற கேள்வி இது. அந்த எலக்ட்ரான் உள்கூட்டில் இருக்கிறது, அதைப் பிடுங்க 4562 கிலோஜூல் வேண்டும். எந்தப் படிகமும் அதை ஈடுகட்டாது. பக்கத்துக் கட்டத்து மெக்னீசியத்துக்கு முதல் இரண்டும் 738, 1451; மூன்றாவது 7733. முதல் இரண்டின் கூட்டுத்தொகை 2189, மெக்னீசியம் குளோரைடின் படிகம் தருவது சுமார் 2500. அதனால் இரண்டு வரை கட்டுப்படியாகிறது, மூன்றாவது நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. எண்ம விதி என்று நாம் சொல்வது இந்த எகிறலின் விளைவு, காரணம் அல்ல.

எண்கள் ஏன் இப்படி அமைகின்றன என்பது அடுத்த கேள்வி. சோடியத்தில் 11 புரோட்டான்கள். உள்ளே இருக்கும் 10 எலக்ட்ரான்கள் அந்த இழுப்பைப் பெரும்பாலும் மறைத்துவிடுவதால் வெளி எலக்ட்ரான் தளர்வாக நிற்கிறது. குளோரினுக்கு 17 புரோட்டான்கள், ஆனால் மறைக்கும் உள் எலக்ட்ரான்கள் அதே 10 தான். ஒரே கூட்டில் இருக்கும் எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று சரியாக மறைப்பதில்லை. அதனால் பிடி இறுகி, அயனியாக்கும் ஆற்றல் 1251 ஆகிவிடுகிறது. வெளியிலிருந்து வரும் எலக்ட்ரானுக்கும் அதே பிடிதான். தொகுதியில் கீழே போகப் போகக் கூடு தூரமாகிறது, பொட்டாசியத்துக்கு 419 போதும். வழியில் ஒன்றிரண்டு இடறல்கள் உண்டு: மெக்னீசியத்தின் 738-க்கு அப்புறம் அலுமினியம் 578-க்கு இறங்குகிறது, ஏனென்றால் அதன் கடைசி எலக்ட்ரான் சற்று உயர்ந்த p ஆர்பிட்டாலில் இருக்கிறது. இதை ‘விதிவிலக்கு’ என்று ஒப்பிக்க வைக்காதீர்கள், தயவுசெய்து.

எலக்ட்ரான் கவர்தன்மையையும் இந்தக் கணக்கோடு குழப்ப வேண்டாம். 1932-ல் பாலிங் அதைப் பிணைப்பு ஆற்றல்களிலிருந்து கணக்கிட்டார். பிணைப்பில் இருக்கும் அணுவைப் பற்றிய ஒப்பீட்டு எண் அது. அதற்குக் கிலோஜூல் கிடையாது. சோடியம் 0.93, குளோரின் 3.16. வித்தியாசம் 2.23 என்பதால் எலக்ட்ரான் ஏறக்குறைய முழுதாகக் கைமாறும் என்று ஊகிக்கலாம், அவ்வளவுதான். படிகக் கணக்கை அது சொல்லாது.

என் கோரிக்கை சின்னது. அடுத்த தேர்வில் அலுமினியத்தின் 578, 1817, 2745, 11577 என்ற நான்கு எண்களைக் கொடுத்து, எத்தனையாவது எலக்ட்ரானோடு நிற்கும், ஏன் என்று கேளுங்கள். ‘எண்ம நிலை’ என்று மட்டும் எழுதினால் பாதி மதிப்பெண் போதும். மூன்று என்று காரணத்தோடு எழுதுபவரிடம் கூடவே இன்னொன்று கேட்கலாம்: அலுமினியத்துக்கும் குளோரினுக்கும் கவர்தன்மை வித்தியாசம் 1.55 தானே, அப்போது அலுமினியம் குளோரைடு சமையல் உப்பு மாதிரி நடந்துகொள்ளுமா?

இப்படிக்கு,
தண்டையார்பேட்டை ட்யூஷன் வாத்தியார் ஒருவர்