இரண்டின் வரிசை

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. 2⁰ ஏன் 1 என்று மகளுக்குப் புரியவைக்க முடியவில்லை என்று எழுதியிருந்தாய். நானும் இந்த வாரம் எட்டாம் வகுப்பில் அடுக்குகள்தான் நடத்தினேன்.

போன வருடம் விதிகளை எழுதிப்போட்டுவிட்டுக் கணக்குக் கொடுத்தேன். பலர் 2³ × 2⁴ = 4⁷ என்று எழுதினார்கள். இந்த முறை விதியே சொல்லவில்லை. பலகையில் 1 முதல் 10 வரை எழுதி, ஒவ்வொன்றின் கீழும் 2, 4, 8 என்று இரட்டித்து 1024 வரை போனேன். "கீழ் வரிசையில் இரண்டு எண்களைப் பெருக்குங்கள். விடைக்கு மேலே என்ன இருக்கிறது என்று பாருங்கள்" என்றேன்.

8 × 16 = 128. மேலே 3, 4, 7. அப்புறம் 4 × 32. மேலே 2, 5, மறுபடி 7. "மேலே கூட்டினாலே போதும்" என்று ஒரு பையன் கத்தினான். ஒரு பெண் மட்டும் "இல்லை, பெருக்க வேண்டும்" என்றாள். அவள் எடுத்தது 4 × 4 = 16. மேலே 2, 2, 4. தவறு அவளுடையது இல்லை. இரண்டும் இரண்டும் கூட்டினாலும் நான்கு, பெருக்கினாலும் நான்கு. 8 × 8 போட்டுப் பார்க்கச் சொன்னேன். 64-க்கு மேலே 6 இருந்தது, 9 இல்லை. அவளே அழித்துத் திருத்தினாள்.

ஆனால் வரிசை காரணத்தைச் சொல்லாது. அதனால் 8 × 16-ஐ (2×2×2) × (2×2×2×2) என்று விரித்து எழுதவைத்தேன். ஏழு இரண்டுகள் இருந்தன, நான்கு எங்கேயும் இல்லை. 4⁷ அதோடு போயிற்று. 4 × 9 எந்த வரிசையில் வரும் என்று கேட்டேன். இரண்டின் வரிசையிலும் இல்லை, மூன்றின் வரிசையிலும் இல்லை. அடிமானம் ஒன்றாக இருக்க வேண்டும் என்று அவர்களே சொன்னார்கள்.

இனி உன் மகளின் கேள்வி. 2-க்கு இடப்பக்கம் சில காலிக் கட்டங்கள் வரைந்தேன். முதல் கட்டத்துக்கு மேலே 0. "இரண்டே இல்லையே, அப்போ கீழேயும் 0" என்றான் ஒருவன். நியாயமான பேச்சுதான். சரி, அதை 8-ஆல் பெருக்கு என்றேன். விடை 0. ஆனால் மேலே 0 + 3 = 3, அதன் கீழே இருப்பது 8. எட்டை எட்டாகவே விடும் எண் எது? "ஒன்று!" வலமிருந்து பாதி பாதியாக வந்தாலும் அதே 1 வருகிறது. அடுத்த கட்டத்தில் ½, அதற்கு மேலே −1.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட்டேன். 2⁷-ஐ எண்ணிப் பார்க்கலாம், 2⁰-ஐ எண்ண முடியாது. கூட்டல் விதி உடையாமல் இருக்க நாமே அதற்கு 1 என்று பொருள் கொடுக்கிறோம். பூஜ்ஜியத்தின் வரிசையில் இப்படி இடப்பக்கம் போக முடியாது. அங்கே பூஜ்ஜியத்தால் வகுக்க வேண்டிவரும்.

மகளிடம் மூன்றின் வரிசையைக் கொடுத்து, இடப்பக்கம் மூன்று கட்டங்களைக் காலியாக விடு. −2-க்குக் கீழே அவள் என்ன எழுதினாள் என்று எனக்கு எழுது.

அன்புடன்,
உன் நண்பன்