சிவனொளிபாத மலைக் கட்டுரையின் முதல் பந்தியைத் திருத்தித் தாருங்கள்

கலைக்களஞ்சியப் பதிப்பாசிரியர் குழுவினருக்கு,

வணக்கம். சிவனொளிபாத மலை யாத்திரை பற்றிய உங்கள் தமிழ்க் கட்டுரை குறித்து இரண்டு முறை எழுதிவிட்டோம். இரண்டு முறையும் "கவனத்தில் எடுத்துக்கொண்டோம்" என்ற பதில் வந்தது. கட்டுரையில் ஓர் எழுத்தும் மாறவில்லை. ஆகவே இம்முறை எல்லோரும் பார்க்க எழுதுகிறோம்.

முதல் வாக்கியம் இன்றும் இப்படித்தான் நிற்கிறது: "சிவபெருமான் தம் பாதத்தைப் பதித்த மலை இது, பௌத்தர்களும் வேறு சிலரும் தங்களுக்கு உரியது என்று கருதுகின்றனர்." நாங்கள் சைவர்கள். அந்த மலையடிவாரத் தோட்டப் பாடசாலைகளில் படிப்பிப்பவர்கள். இந்த வாக்கியம் எங்கள் நம்பிக்கையைத் தூக்கிப் பிடிக்கிறது என்பதற்காக இதை ஏற்க முடியாது. ஒருவருக்குப் "பதித்த", மற்றவருக்குக் "கருதுகின்றனர்" என்று வினைச்சொல்லை மாற்றியதிலேயே சாய்வு வந்துவிட்டது. பிள்ளைகள் ஒப்படைக்கு இந்த வரியை அப்படியே பார்த்து எழுதுகிறார்கள். ஒரே வாங்கில் சைவப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் கத்தோலிக்கப் பிள்ளையும் இருக்கும் வகுப்பில், அதை உரக்க வாசிக்கச் சொல்ல எந்த ஆசிரியருக்கும் வாய் வராது. சிங்கள நண்பர்கள் கேட்டால் என்ன சொல்வது?

நம்பிக்கையை எழுதும்போது அதை நம்புபவர் யார் என்று சொல்ல வேண்டும். எல்லோருக்கும் ஒரே வினைச்சொல் வர வேண்டும். இப்படி எழுதலாம்:

"சிவனொளிபாத மலை, நுவரெலியா, இரத்தினபுரி மாவட்டங்களின் எல்லையில் உள்ள 2,243 மீற்றர் உயரமான மலை. உச்சிப் பாறையில் உள்ள பாத வடிவான பள்ளத்தைப் பௌத்தர் புத்தரின் பாதமாகவும், சைவர் சிவபெருமானின் பாதமாகவும், முஸ்லிம்கள் ஆதம் நபியின் பாதமாகவும், கிறிஸ்தவரில் சிலர் ஆதாமுடையதாகவும் வேறு சிலர் புனித தோமாவுடையதாகவும் கொள்கின்றனர். சிங்களத்தில் ஸ்ரீ பாத, சமனல கந்த என்று வழங்கப்படுகிறது."

"கொள்கின்றனர்" என்ற ஒரே வினை எல்லோருக்கும் போதும். "என்று கூறப்படுகிறது" என்று எழுதித் தப்பவும் வேண்டாம். யார் கூறுகிறார் என்பதை அது மறைத்துவிடும்.

அடுத்தது வரலாற்றுப் பந்தி. "ஆதியில் சைவருடையது, பின்னர் பறிக்கப்பட்டது" என்று இரண்டே சொற்றொடரில் முடித்திருக்கிறீர்கள். சீதாவாக்கையின் முதலாம் இராஜசிங்கன் 16ஆம் நூற்றாண்டில் மலையின் வருமானத்தைச் சைவத் துறவிகளிடம் கொடுத்தான் என்றும், கண்டியின் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் 18ஆம் நூற்றாண்டில் அதைப் பௌத்த பிக்குகளிடம் மீட்டளித்தான் என்றும் பாலி வரலாற்று நூலான சூளவம்சம் சொல்கிறது. அந்த நூலை எழுதியவர்கள் பிக்குகள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வாசகர் தாமே எடை போடுவார். ஆனால் "ஆதியில்" என்ற சொல்லுக்கு இதில் இடமில்லை. முதலாம் இராஜசிங்கனுக்கு ஏறத்தாழ 500 ஆண்டுகளுக்கு முன்பே மன்னன் முதலாம் விஜயபாகு யாத்திரிகருக்குச் செய்த ஏற்பாடுகளை அம்பகமுவக் கல்வெட்டு சொல்கிறது. 1344இல் ஏறிய இப்னு பதூதா ஆதமின் பாதம் என்றே எழுதினார். நம் மணிமேகலையே இரத்தினத் தீவின் சமந்த மலை உச்சியில் இருப்பது புத்தரின் பாதம் என்கிறது. தமிழ்க் கட்டுரையில் தமிழ்க் காப்பியத்தின் சாட்சியை விட்டுவிட்டதை எப்படி எடுத்துக்கொள்வது?

பௌத்தப் பகுதி நீளமாக வருவதில் எங்களுக்குக் குறையில்லை. ஏறுவோரில் பெரும்பாலோர் அவர்கள். நடுநிலை என்பதற்காக எல்லோருக்கும் சரிசமமாக வரிகளை எண்ணிக் கொடுக்கத் தேவையில்லை.

இன்னொரு பிழை ஆளையே வருத்துவது. "ஆண்டு முழுவதும் யாத்திரை நடைபெறுகிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். பருவகாலம் டிசம்பர் உந்துவப் பௌர்ணமியில் தொடங்கி மே மாத வெசாக் பௌர்ணமியோடு முடிகிறது. முடிந்ததும் மலையின் காவல் தெய்வமான சமனின் திருவுருவம் கீழே பெல்மதுளைக்குக் கொண்டுபோகப்படும். படிகளில் விளக்கு எரியாது, தேநீர்க் கடைகள் மூடியிருக்கும், தென்மேற்குப் பருவமழையும் காற்றும் உச்சியை விடாது. உங்கள் வரியை நம்பி ஜூலையில் மலையடிவார நல்லதண்ணிக்கு வருபவர், 5,000க்கு மேற்பட்ட படிகளை இருட்டில் நனைந்துகொண்டு ஏற வேண்டும். சூரிய உதயத்துக்காக ஏறியவருக்கு அங்கே முகிலைத் தவிர வேறொன்றும் தெரியாது.

ஏறும் வழியில் சீத கங்குல ஓடையில் நீராடுவது, இந்திகட்டுபான என்னும் இடத்தில் ஊசியில் நூல் கோத்து விடுவது, எத்தனையாவது முறை ஏறினாரோ அத்தனை தடவை உச்சியில் மணி அடிப்பது: கண்ணால் காணக்கூடிய இந்த வழக்கங்களுக்கு ஒரு வரிகூட இல்லை. யாரும் மறுக்காத செய்திகள் இவைதாம். சண்டைக்குரியதற்கு மூன்று பந்தி ஒதுக்கிய உங்களுக்கு இதற்கு இடம் கிடைக்கவில்லை.

பாடநூல், பெயர்ப்பலகை, படிவம் என்று மலையகத் தமிழன் எங்கே போனாலும் அரைகுறைத் தமிழையே வாசிக்க வேண்டியிருக்கிறது. அந்த மனக்குறையையும் உங்கள் தலையில் ஏற்றுவது முறையல்ல, பொறுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் கேட்பது முதல் பந்தியையும் வரலாற்றுப் பந்தியையும் பருவகாலத்தையும்தான். வரும் உந்துவப் பௌர்ணமிக்கு முன் திருத்தித் தருமாறு பணிவோடு வேண்டுகிறோம். வரைவு வேண்டுமென்றால் நாங்களே எழுதித் தருகிறோம்.

இப்படிக்கு,
மஸ்கெலியா, நோர்வூட் பகுதி ஆசிரியர்கள் சிலர்