நூல் வெளியீடு: சனிக்கிழமை மாலை

நண்பர்களே, வணக்கம். நம் செட் தோழி பிரெஞ்சிலிருந்து நேரடியாகத் தமிழாக்கிய சிறுகதை நூல், 14ஆம் தேதி சனி மாலை 5.30க்குப் புதுச்சேரியில் நம் பள்ளி நூலக அறையில் வெளியாகிறது. எப்படி மொழிபெயர்த்தார் என்று பத்து நிமிடம் பேசுவார்.

பிரெஞ்சில் ஆளை முதலில் சொல்லிவிட்டு விவரங்களைப் பின்னால் அடுக்கலாம். தமிழில் அவை ‘வந்த, நின்ற, சிரித்த’ என்று முன்னால் குவிந்துவிடும். ஆள் யாரென்று கடைசியில்தான் தெரியும். அதனால் வாக்கியங்களை உடைத்திருக்கிறார். மூச்சுவிடாமல் பேசும் பாத்திரங்களுக்கு மட்டும் உடைக்கவில்லை. அப்புறம் பிரெஞ்சு தெரியாத ஒருவரை வாய்விட்டுப் படிக்கவைத்து, தடுக்கிய இடங்களை மூலத்தோடு மறுபடி ஒப்பிட்டார்.

1. வருபவர்கள் வியாழன் இரவுக்குள் பெயர் போடுங்கள். கட்டைவிரல் மட்டும் போதாது, சுண்டலுக்குக் கணக்கு வேண்டும்.
2. பிரெஞ்சு படித்தவர்கள் கேள்வியோடு வாருங்கள்.