மைனஸ் 7.50 பவருக்கு ரிம்லெஸ் கண்ணாடி விற்றது பற்றிய புகார்

மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த மார்ச் மாதம் ஜார்ஜ்டவுனில் உள்ள உங்கள் கடையில் 480 ரிங்கிட் கொடுத்து என் மகளுக்கு ரிம்லெஸ் கண்ணாடி வாங்கினோம். அவளுக்கு இரண்டு கண்ணிலும் மைனஸ் 7.50. "இந்தப் பவருக்கு இது தாங்குமா?" என்று அன்றே கேட்டேன். "ஒன்றும் ஆகாது அண்ணே, பார்க்க லேசாக இருக்கும்" என்றார் கவுண்டரில் இருந்தவர்.

மூன்றாவது மாதம் வலது பக்கத் தண்டு ஆடியது. உங்கள் கடையில் திருகை இறுக்கிக் கொடுத்தார்கள். இரண்டு வாரத்தில், லென்ஸில் அந்தத் திருகு போகும் துளையிலிருந்து விளிம்பு வரை ஒரு சில்லு பெயர்ந்து விழுந்தது. கீழே போட்டிருப்பீர்கள் என்கிறீர்கள். போடவில்லை. இடது லென்ஸைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள்: துளையைச் சுற்றி முடிபோல வெள்ளைக் கோடுகள் ஓடுகின்றன. துளையின் வாயை மழுக்காமல் விட்டால் கீறல் அங்கேதான் பிறக்கும். திருகை இறுக்கினால் அது வளரும்.

பில்லில் ஒளிவிலகல் எண் 1.50 உள்ள சாதாரண பிளாஸ்டிக் என்று இருக்கிறது. துளை போட்டால் எளிதில் விரிசல் விடும் லென்ஸ் இது. ரிம்லெஸ்தான் வேண்டுமென்றால் டிரைவெக்ஸ், பாலிகார்பனேட் போன்ற உறுதியான பிளாஸ்டிக் வகைகளைச் சொல்லியிருக்க வேண்டும்.

தடிமனையும் சொல்கிறேன். நான் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் அளவு பார்க்கிறவன். வெர்னியர் வைத்துப் பார்த்தேன், காதுப் பக்க விளிம்பு 9.6 மில்லிமீட்டர். மைனஸ் லென்ஸ் நடுவில் மெலிந்து, ஓரம் போகப் போகத் தடிக்கும். நீங்கள் தேர்ந்த ஃபிரேம் அளவு 54-18: லென்ஸ் அகலம் 54, மூக்குப் பாலம் 18, ஆக இரண்டு லென்ஸ்களின் நடுவுக்கும் இடையே 72 மில்லிமீட்டர். மகளின் கண்மணிகளுக்கு இடையே 62 மில்லிமீட்டர்தான். அதனால் லென்ஸின் மையம் மூக்குப் பக்கம் 5 மில்லிமீட்டர் தள்ளிப்போய், காதுப் பக்கம் அந்த அளவுக்கு நீண்டுவிட்டது. இதே 1.50 லென்ஸை 46-20 ஃபிரேமில் போட்டிருந்தால் விளிம்பு ஏறத்தாழ 6.7தான் வரும். விலை கூடிய, மெல்லிய 1.67 லென்ஸை இந்தப் பெரிய அளவில் போட்டாலும் 7 வந்திருக்கும். முதலில் பார்க்க வேண்டியது ஃபிரேமின் அளவை. அதை யாருமே அளக்கவில்லை.

இப்போது மாற்றாக நைலான் நூல் கட்டிய அரை ரிம் தருவதாகச் சொல்கிறீர்கள். வேண்டாம். அதற்கு விளிம்பில் பள்ளம் வெட்ட வேண்டும், கீழ்ப்பகுதி காப்பில்லாமல் நிற்கும், தடித்த ஓரமும் அப்படியே வெளியே தெரியும். பிளஸ் பவர் கூடியவர்களுக்கும் இது ஒத்துவராது. அவர்களுக்கு ஓரம் மெல்லியதாக இருப்பதால் பள்ளத்துக்கு இருபுறமும் நிற்க இடமிருக்காது. ஓரத்தைத் தடிக்க வைத்தால் லென்ஸ் முழுவதும் தடிக்கும். என் மகளைப் போல ஒரே கையால் கண்ணாடியைக் கழற்றுகிறவர்களுக்கு ரிம்லெஸைக் காட்டவே கூடாது. ஒவ்வொரு தடவையும் துளைதான் அந்த இழுப்பைத் தாங்குகிறது.

நான் கேட்பது இதுதான். முழு ரிம் உள்ள 46 அளவு ஃபிரேமில் 1.60 லென்ஸ் போட்டு, கூடுதல் கட்டணமின்றிச் செய்து கொடுங்கள். இல்லையென்றால் 480 ரிங்கிட்டைத் திருப்பித் தாருங்கள். 14 நாளில் பதில் வராவிட்டால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனு கொடுப்பேன். உடைந்த சில்லு, பில், பவர் சீட்டு மூன்றையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். அவள் இப்போது பழைய மைனஸ் 6 கண்ணாடியோடு வகுப்புக்குப் போகிறாள், பலகையில் எழுதுவது தெரியவில்லை. சீக்கிரம் பதில் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மாணவியின் தந்தை,
பினாங்கு