20 டொலருக்கு மேல் முழுத்தொகைக்கும் வரி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வாரப் பண்டிகைக் கொள்முதல் பத்தியில் "20 டொலருக்கு மேற்பட்ட தொகைக்கு மட்டுமே கனடாவில் வரி" என்று எழுதியிருந்தீர்கள். எழுதியவர் ஒரு பார்சலையாவது தபால் நிலையத்தில் காசு கட்டி எடுத்தவர்தானா?

இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ தபாலில் வரும் பொருள் 20 டொலரைத் தாண்டினால் அதன் முழு விலைக்கும் வரி உண்டு. மிஞ்சிய தொகைக்கு மட்டும் வரி என்பது அன்பளிப்புக்கான விதி. அதற்கு வரம்பு 60 டொலர். இரண்டையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டிவிட்டீர்கள்.

பேத்திக்குச் சென்னைக் கடை ஒன்றில் 120 டொலருக்குப் பருத்திச் சுடிதார்கள் எடுத்தேன். இணையப் பக்கத்தில் விலைக்குக் கீழே "எல்லா வரிகளும் உட்பட" என்று இருந்தது. அது இந்திய வரி என்பதைச் சொல்ல அவர்களுக்கு வாய் வரவில்லை. பார்சலில் ஒட்டியிருந்த E14 சுங்கப் படிவம்தான் சொன்னது: தைத்த உடுப்புக்குச் சுங்கத் தீர்வை 18 சதவீதம், 21.60. அதையும் விலையோடு கூட்டி, அந்த 141.60க்கு ஒன்ராறியோவின் 13 சதவீத எச்எஸ்ரி விற்பனை வரி, 18.41. அப்புறம் தபால் துறையின் கையாளும் கட்டணம் 9.95. ஆக 49.96 டொலர். அந்தக் காசுக்கு இங்கேயே இன்னொரு சுடிதார் எடுத்திருக்கலாம்.

"கடைக்காரரை அன்பளிப்பு என்று எழுதச் சொல்லுங்கள்" என்ற உங்கள் யோசனை அதைவிட அருமை! நான் காசு கொடுத்து வாங்கியதை எனக்கு யார் அன்பளித்தார்கள்? உறவோ நட்போ வாழ்த்து அட்டையோடு அனுப்புவதுதான் அன்பளிப்பு. பொய்யாக எழுதி அகப்பட்டால் பார்சலையே பறித்துவிடுவார்கள். அப்போது பத்தி எழுதியவர் வந்து மீட்டுத் தருவாரா?

ஒவ்வொரு தீபாவளிக்கும் உங்கள் பத்திரிகையில் "கனடாவுக்கு இலவச அனுப்புதல்" என்று முழுப்பக்க விளம்பரங்கள் வருகின்றன. கூரியரில் வந்தால் தீர்வை, எச்எஸ்ரி தவிர, சுங்கத்தில் விடுவித்துத் தந்ததற்கு என்று நிறுவனம் தனியாக ஒரு தொகை கேட்கும். அது தபால் துறையின் 9.95ஐ விடப் பெரிதாகவும் இருக்கலாம். இதைப் பற்றி முன்பும் எழுதினேன். நீங்கள் பிரசுரிக்கவில்லை. விளம்பரதாரர் மனம் நோகும் என்று நினைத்திருப்பீர்கள். பரவாயில்லை, எங்கள் மனம் பழகிவிட்டது.

கனடா எல்லைச் சேவை முகவரகத்தின் இணையத்தளத்தில் தீர்வையைக் கணித்துப் பார்க்கும் கருவி ஒன்று இருக்கிறது. பொருளையும் நாட்டையும் விலையையும் கொடுத்தால் உத்தேசத் தொகை வரும். தபாலில் வந்ததற்குத் தவறாக வரி போட்டிருந்தால், கட்டிய 90 நாட்களுக்குள் E14 படிவத்தோடு மீள்பரிசீலனை கேட்கலாம். உங்கள் பத்தியில் இதற்கெல்லாம் இடமில்லாமல் போயிற்று.

நான் கேட்பது அதிகமில்லை. அடுத்த இதழில் இரண்டு வாக்கியத்தில் ஒரு திருத்தம் போடுங்கள். விளம்பரப் பக்கத்தின் அடியில் "கனடியத் தீர்வை வாங்குபவரைச் சேரும்" என்று சிறிய எழுத்திலாவது அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
சந்தா கட்டிவரும் வாசகி,
ஸ்காபரோ